வெள்ளை டைல்ஸில் திரும்பத் திரும்ப வந்த துருக்கறை: ஒரு குளியலறை நிகழ்வு ஆய்வு

சுவரும் தரையும் வெள்ளை நிறப் பளபளப்பு டைல்ஸ். ஒரு பீங்கான் வாஷ் பேசின். மூலையில் குரோம் முலாம் பூசிய இரும்புக் குழாயால் செய்த நான்கு கால் ரேக். பேசின் விளிம்பில் ஒரு ஷேவிங் ஃபோம் டப்பா. பார்க்கப்போன குளியலறையில் இருந்தவை இவ்வளவுதான். வீட்டுக்கார அம்மாவின் புகார் இப்படி இருந்தது: "ப்ளீச் ஊத்தி ஊத்திக் கைதான் எரியுதுங்க. சுத்தி இருக்கிற அழுக்கெல்லாம் போகுது, இந்தப் பழுப்புக் கறை மட்டும் இன்னும் பளிச்சுன்னு தெரியுது. ஒரு தடவை எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்ச்சதுல போச்சு. ஒரே வாரத்துல அதே இடத்துல திரும்ப வந்துடுச்சு."

அவர் சொன்னதில் இரண்டு தகவல்கள் முக்கியமானவை. ப்ளீச்சுக்குக் கறை அசையவில்லை, எலுமிச்சைக்கு அசைந்தது என்பது ஒன்று. அப்படியானால் அது துருதான் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். குளியலறையில் வரும் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிற வழவழப்புப் படலமும் பார்க்கத் துரு மாதிரியே இருக்கும். ஆனால் அது நுண்ணுயிர்ப் படலம். விரலால் வழித்தாலே வந்துவிடும், ப்ளீச்சில் மறைந்துவிடும். துரு விரலுக்கு வராது. கறை அதே இடத்தில் திரும்ப வந்தது என்பது இரண்டாவது தகவல். இடம் மாறாமல் திரும்பும் கறைக்கு மேலேயோ பக்கத்திலேயோ இரும்பு இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் கறையை எடுப்பது வீண் வேலை.

மூன்று கறை, மூன்று வடிவம்

சுத்தம் செய்யும் எதையும் கையில் எடுக்காமல் முதலில் கறைகளின் வடிவத்தைப் பார்த்தோம். துருக்கறையின் வடிவமே அது எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடும்.

பேசின் விளிம்பில் இருந்தது மெல்லிய வளையம். உள்ளே வெள்ளை, சுற்றிலும் பழுப்புக் கோடு. டப்பாவைத் தூக்கி அதன் மேல் வைத்துப் பார்த்தால் அடி விளிம்பு அப்படியே பொருந்தியது. காந்தம் டப்பாவில் ஒட்டியது, ஆகவே அது தகர முலாம் பூசிய இரும்பு. (காந்தம் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அலுமினிய டப்பா பழுப்புத் துரு விடாது.) இந்த டப்பாக்களின் அடித்தட்டை உடலோடு சேர்த்து மடித்து அழுத்தியிருப்பார்கள். அந்த மடிப்பில்தான் முலாம் அதிகம் இழுபட்டு மெலிந்திருக்கும். பீங்கானில் உரசுவதும் அதே இடம்தான். விளிம்புக்கும் பீங்கானுக்கும் இடையே புகுந்த தண்ணீர் காயவும் காயாது. துரு அங்கே தொடங்கி வளையமாக இறங்குவது இதனால்தான்.

இரண்டாவது கறை பேசினின் உட்பக்கம். அங்கங்கே சிதறிய சிறு புள்ளிகள். குழாய்க்கு நேர் கீழே கோடாக இறங்கியிருந்தால் தண்ணீரில் இரும்புச் சத்து இருக்கிறதா என்று யோசித்திருப்பேன். இது ஒழுங்கில்லாத சிதறல். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் பேசினைத் தேய்த்தீர்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். நாரிலிருந்து உதிர்ந்த கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் பீங்கானில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத் துருப்பிடித்திருக்கின்றன. கறையை எடுக்கத் தேய்த்த நாரே புதுக் கறையை விதைத்திருக்கிறது.

மூன்றாவதுதான் திரும்பி வந்த கறை. ரேக்கின் பின்பக்க இடது காலடியில், ஒரு டைலின் மூலையில் தொடங்கி இரண்டு பக்கமும் டைல் இடுக்கின் வழியாக ஓடியிருந்தது. மற்ற மூன்று கால்களின் கீழே ஒன்றுமில்லை. ரேக்கின் மேல்தட்டுகளில் கம்பியும் குழாயும் சேரும் வெல்டிங் பற்றுகளில் லேசான பழுப்பு தெரிந்தது. இந்தக் காலில் மட்டும் வெளியே எதுவும் தெரியவில்லை, குரோம் பளபளவென்று இருந்தது.

சரி, காலைத் தூக்கி ரப்பர் மூடியைக் கழற்றினோம். பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

குழாயின் வெளிப்பக்கத்துக்குத்தான் முலாம் உண்டு. உட்பக்கமும் அறுத்த முனையும் வெறும் இரும்பு. மேலே எங்கோ ஒரு வெல்டிங் இடைவெளி வழியாகக் குளிக்கும் தண்ணீர் குழாய்க்குள் இறங்கி, அடியில் ரப்பர் மூடிக்குள் தேங்கி நின்றிருக்கிறது. தரை அந்த மூலைக்குச் சரிவாக இருந்ததால் தண்ணீர் அந்தக் காலுக்கே சேர்ந்தது. மூடியின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது டைல் இடுக்கில் ஊறியது. அந்த அம்மா எலுமிச்சை போட்டு எடுத்ததில் தவறே இல்லை. கறை போகத்தான் செய்தது. மேலே ஊற்று மட்டும் நிற்கவில்லை. கூட, எலுமிச்சையோடு போட்ட உப்பு இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும். சரியாகக் கழுவாமல் விட்டால் ரேக்கின் காலுக்கு அது கெடுதல். இந்தக் கைமருந்தில் கறையைக் கரைப்பது பழத்தின் அமிலம்தான். உப்புக்குத் தேய்க்கும் பொருள் என்பதற்கு மேல் பெரிய வேலை கிடையாது.

ப்ளீச் ஏன் தோற்றது

துரு என்பது ஏற்கெனவே முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு. ப்ளீச்சின் வேலையோ ஆக்சிஜனேற்றம். வெந்ததை மறுபடி வேகவைப்பது போல அது. அதோடு நின்றாலும் பரவாயில்லை. தண்ணீரில் கரைந்த நிலையில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் ப்ளீச் கரையாத துருவாக மாற்றி அங்கேயே படிய வைத்துவிடும். சுற்றியுள்ள அழுக்கை வெளுத்துவிடுவதால் கறை முன்பைவிட எடுப்பாகத் தெரியும். ரேக்கின் மேல் தெறித்தால் குரோமுக்கு அடியில் இருக்கும் இரும்பை அரிக்கத் தொடங்கும், எவர்சில்வரையும் விடாது.

குரோம் முலாமைப் பற்றிப் பலரிடம் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது இரும்பை மூடி வைக்கும் போர்வை மட்டுமே. துத்தநாக முலாம் அப்படியல்ல. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். குரோமிலும் அதற்கு அடியில் இருக்கும் நிக்கலிலும் நடப்பது தலைகீழ். நுண்ணிய துளை விழுந்துவிட்டால் அந்தத் துளையில் வெளிப்பட்ட இரும்பு சாதாரண இரும்பைவிட வேகமாக அரிபடும். டப்பாவின் வெளிப்புறத் தகர முலாமும் இதே கதைதான். அதனால் குரோம் ரேக்கில் ஒரு புள்ளி துரு தெரிந்தால், துடைத்தால் போதும் என்று விட முடியாது.

கறை எடுத்த விதம்

முதலில் கதவையும் ஜன்னலையும் திறந்து, பழைய ப்ளீச் எதுவும் மிச்சமில்லாதபடி நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். இதைத் தவிர்க்கவே கூடாது. ப்ளீச்சும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உண்மையான ஆபத்து. அப்புறம் பாத்திரம் கழுவும் திரவத்தால் சோப்புப் படலத்தை எடுத்தோம். படலம் இருந்தால் அமிலம் துருவைத் தொடாது, மேலேயே வழுக்கிப் போய்விடும்.

பேசினுக்குப் பயன்படுத்தியது எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம். 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 20 கிராம். இது இரும்பைக் கரைப்பதோடு, கரைந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பப் படியாமலும் பார்த்துக்கொள்ளும். வினிகரும் கரைக்கும், ஆனால் இந்தப் பிடிப்பு அதற்குக் குறைவு, நேரமும் அதிகமாகும். கரைசலை ஊற்றினால் வழிந்து ஓடிவிடும் என்பதால் டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்து வளையத்தின் மேலும் புள்ளிகளின் மேலும் ஒட்டி, காயாமல் இருக்க மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை மூடினோம். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தபோது பேப்பர் மஞ்சளாகியிருந்தது. துரு கரைந்து பேப்பருக்கு ஏறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பேப்பர் வெள்ளையாகவே இருந்தால் கறை துரு இல்லை, அல்லது சோப்புப் படலம் இன்னும் மறைக்கிறது.

புள்ளிகள் அந்த ஒரே தடவையில் போய்விட்டன. வளையம் இரண்டாவது முறை போட்டதும் போனது. இரண்டு முறைக்கு இடையில் மெல்லிய நைலான் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தோம். இரும்பு நாரும் கரகரப்பான பொடியும் வேண்டவே வேண்டாம். பீங்கானின் மேல்பூச்சு கண்ணாடி வகை. சிட்ரிக் அமிலம் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் கீறல் விழுந்தால் அடுத்த கறை அந்தக் கீறலில் உட்கார்ந்துகொள்ளும்.

பேசின் பீங்கானாக இல்லாமல் எனாமல் பூசிய இரும்பாக இருந்திருந்தால் இவ்வளவு நேரம் அமிலத்தை விட்டிருக்க மாட்டேன். பழைய எனாமல்களில் சில அமிலம் பட்டால் மங்கிவிடும். காந்தம் வைத்துப் பார்த்தால் எனாமல் பேசினில் ஒட்டும், பீங்கானில் ஒட்டாது. எனாமல் பெயர்ந்த இடத்தில் தெரியும் பழுப்பு மேலிருந்து வந்த கறையே அல்ல. அடியில் இருக்கும் இரும்பு துருப்பிடிப்பது. அதை எடுத்துக்கொண்டே இருக்கலாம், வந்துகொண்டேதான் இருக்கும்.

தரை டைலின் பளபளப்பான பரப்பில் இருந்த கறையும் இதே முறையில் போனது. டைல் இடுக்குதான் பிரச்சினை.

இடுக்கில் இருப்பது சிமென்ட் கலவை. அமிலத்துக்குத் துருவைவிடச் சிமென்டில் உள்ள சுண்ணாம்பின் மேல்தான் ஆசை அதிகம். இடுக்கில் அமிலம் விட்டதும் நுரைத்தால், கறை கரைகிறது என்று பலர் சந்தோஷப்படுவார்கள். நுரைப்பது சுண்ணாம்பு. அங்கே போவது கறை இல்லை, இடுக்கு. அது சொரசொரப்பாகிப் பள்ளமானால் அடுத்த முறை தண்ணீர் இன்னும் ஆழமாக ஊறும். ஆகவே பக்கத்து டைலுக்கு அமிலம் போடும் முன்பே இடுக்கைத் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்துவிட்டோம். துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருந்தால் அமிலம் உள்ளே இழுபடாது. வேலை முடிந்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவினோம்.

இடுக்குக்கென்று தனியாக ஒரு கலவை செய்தோம். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, அதில் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக, நுரை நிற்கும் வரை சேர்க்க வேண்டும். ஏறக்குறைய 13 கிராம் பிடிக்கும். பெரிய பாத்திரத்தில் செய்யாவிட்டால் பொங்கி வழியும். இப்போது கையில் இருப்பது சோடியம் சிட்ரேட். அமிலத்தன்மை போய்விட்டது, ஆனால் இரும்பைப் பிடிக்கும் குணம் போகவில்லை. இதில் 2 கிராம் வைட்டமின் சி தூளைச் சேர்த்தோம். கரையாத துருவைக் கரையும் வகை இரும்பாக மாற்றுவது அதன் வேலை, அதாவது ப்ளீச் செய்வதற்கு நேர் எதிர். ஒன்று மாற்றித் தருகிறது, மற்றொன்று பிடித்துக்கொண்டு போகிறது. மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடைக் கரைத்தெடுக்க மண் ஆய்வகங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் முறையும் இதே அடிப்படையில்தான். அங்கே வைட்டமின் சிக்குப் பதில் இன்னும் வலுவான வேறொரு பொருள், கூடவே சூடு. நம் தரையைச் சூடாக்க முடியாது, அதனால் நேரம் கொடுக்க வேண்டும்.

கரைசலோடு சாக்பீஸ் தூளைச் சேர்த்துக் குழைத்துக் கெட்டிப் பசையாக்கி, இடுக்கின் மேல் விரல் தடிமனுக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி இரவு முழுக்க விட்டோம். காலையில் தாளை எடுத்துவிட்டுப் பசையை அப்படியே காயவிட வேண்டும். காயும்போது இடுக்கின் ஆழத்தில் இருக்கும் ஈரம் மேலே ஏறி, கரைந்த இரும்பையும் கூட்டிக்கொண்டு பசைக்குள் வந்துவிடும். காய்ந்த பசையின் அடிப்பக்கம் மஞ்சள் பூத்திருந்தது. இன்னொரு இரவும் அதே போட்டதில் இடுக்கு பழைய சாம்பல் வெள்ளைக்கு வந்தது. சுண்ணாம்போடு சிட்ரேட்டுக்கும் லேசான உறவு உண்டு என்பதால் மூன்றாம், நான்காம் முறை என்று தொடர்வதில் எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பிறகும் கறை நின்றால் அந்த இடத்து இடுக்கைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுவது சுலபம்.

இதைவிட வலுவானது ஆக்சாலிக் அமிலம். பளபளப்பு டைலிலும் பீங்கானிலும் 100 மில்லிக்கு 5 கிராம் போதும், அடம்பிடிக்கும் கறையும் இளகும். ஆனால் அது விஷம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது, தூள் மூச்சில் ஏறக்கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் மிச்சத்தை எடுத்து வைக்கக்கூடாது. கடின நீரிலும் சிமென்டிலும் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படலமாகப் படியும். இந்த வீட்டில் அதற்குத் தேவை வரவில்லை. கடையில் வாங்கும் துரு நீக்கியின் சீட்டில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அல்லது அம்மோனியம் பைஃப்ளூரைடு என்று இருந்தால் வாங்க வேண்டாம். கண்ணாடிப் பூச்சையே அரித்து மங்கலாக்கும் அமிலம் அது. தோலில் பட்டால் வலி தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் ஆழமாக இறங்கியிருக்கும். கழிவறைக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவைக் கரைக்கும், ஆனால் அதன் ஆவி பக்கத்திலுள்ள குழாய், ரேக், திருகாணி எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.

மார்பிள் போன்ற சுண்ணாம்புக் கற்களில் மேலே சொன்ன அமிலம் எதுவுமே ஆகாது. எலுமிச்சைச் சாறுகூட அதன் பளபளப்பைத் தின்றுவிடும்.

ஊற்றை அடைத்தது

ரேக்கின் நான்கு கால்களிலும் ரப்பர் மூடியைக் கழற்றித் தண்ணீரை வடித்து, தலைகீழாகச் சாய்த்து வெயிலில் வைத்து உள்ளே ஈரமில்லாமல் காயவிட்டோம். முனையில் உரிந்த துருவை உப்புத்தாளால் எடுத்து, குழாய்க்குள் எட்டும் வரை துருமாற்றிப் பூச்சு ஒரு கை அடித்தோம். அது மீந்திருக்கும் துருவை அசையாத கறுப்புப் படலமாக மாற்றும். அடுத்து வெல்டிங் இடைவெளிகளையும் கால்முனையையும் சிலிகான் வைத்து அடைத்தோம்.

சிலிகானில் ஒரு கண்ணி இருக்கிறது. காயும்போது வினிகர் வாசம் வீசும் வகை அசெட்டிக் அமிலம் விடும். வெறும் இரும்பின் மேல் வைத்தால் அதற்கு அடியிலேயே துரு பிடிக்கும். துருவை நிறுத்தப் பூசியதே துருவைத் தொடங்கிவைக்கும். நியூட்ரல் வகை என்று சீட்டில் போட்டிருப்பதை வாங்க வேண்டும்.

பழைய ரப்பர் மூடிகளை அப்படியே மாட்டவில்லை. கிண்ணம் மாதிரி காலைச் சுற்றிப் பிடிப்பவை அவை, தண்ணீரைத் தேக்கும். அடியில் மட்டும் நிற்கும் பிளாஸ்டிக் அடிக்கட்டை மாட்டி, காலைத் தரையிலிருந்து சற்று உயர்த்தினோம். சரிவுப் பக்கத்திலிருந்து ரேக்கை எதிர் மூலைக்கு மாற்றியதும் அந்தக் கால் தண்ணீரில் நிற்பது நின்றது. இந்த ரேக் இன்னும் எவ்வளவு நாள் வரும் என்றால், மேல்தட்டின் வெல்டிங் பற்றுகளில் குரோம் உரியத் தொடங்கும் வரை. அதற்குப் பிறகு பழுதுபார்க்கச் செலவழிக்காமல் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். மாற்றும்போது 304 தர எவர்சில்வர் கேட்கலாம், 202 தரம் ஈரமான குளியலறையில் சீக்கிரம் பழுப்பேறும். காந்தத்தை மட்டும் நம்பித் தரம் பார்க்க முடியாது. 202 தரத்திலும் பல சமயம் காந்தம் ஒட்டாது. வளைத்த இடத்தில் 304 தரத்திலும் லேசாக ஒட்டும். பிளாஸ்டிக் பூசிய கம்பி ரேக்கும் சரிதான், ஆனால் பூச்சு ஒரு இடத்தில் விரிந்தால் தண்ணீர் அடியில் ஓடி, வெளியே தெரியாமலே கம்பி முழுக்கத் துருப்பிடிக்கும்.

டப்பாவுக்கு வைத்தியம் சின்னது. புது டப்பா வாங்கியதும், தண்ணீர் படுவதற்கு முன்பே, அடி விளிம்பில் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு மெல்லிய பூச்சு போட்டுக் காயவிட வேண்டும். ஏற்கெனவே துருப்பிடித்த விளிம்பில் பூசினால் துருவோடு சேர்ந்து உரிந்துவிடும். டப்பாவைக் காயவைக்கிறேன் என்று வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைக்கக் கூடாது, உள்ளே அழுத்தம் இருக்கிறது. இந்த வீட்டில் பாலிஷோடு, அடியில் துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் தாங்கியையும் மாட்டிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து ரேக்கை வைக்கும்போது ஒவ்வொரு காலடியிலும் ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தோம். துரு இன்னும் கசிந்தால் டைலில் தெரிவதற்கு முன்பே பேப்பரில் தெரியும். பழைய இடது காலில் முதல் வாரம் வெளிர் மஞ்சள் ஒரு வரி வந்தது. குழாய்க்குள் மிச்சமிருந்த ஈரம். மறுபடி காயவைத்து மாட்டிய பிறகு பேப்பர் வெள்ளையாகவே இருக்கிறது.

ஒரே ஒரு கோடு மட்டும் போகவில்லை. பழைய மூலையில் இருக்கும் அந்த டைலின் மேல்பூச்சில் மயிரிழை வெடிப்பு ஒன்று ஓடுகிறது. துரு அதன் வழியாக அடியில் உள்ள களிமண் உடலுக்கே இறங்கிவிட்டது. பசை அந்த ஆழத்திலிருந்து கொஞ்சத்தைத்தான் இழுத்தது. இன்னும் அமிலம் ஊற்றினால் வெடிப்பு வழியாக அதுவும் உள்ளே போய்த் தங்குமே தவிர, கறை வெளியே வராது. அந்த அம்மா டைலை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார், துணிக்கூடையை அங்கே வைத்துக்கொள்வாராம். கூடை பிளாஸ்டிக்கா, கம்பியா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பிளாஸ்டிக்தான்.